நாற்பத்தோராம் பக்கம்

வராகா சர்க்கரை ஆலையில் அக்னஸ் வேலைக்குச் சேர்ந்தது 1993-இல். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. ஆலை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்தது. திண்டிவனத்தில் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் இறங்கி நடந்து எட்டரைக்குள் கேட்டுக்குப் போய்விடலாம். பஸ்ஸை விட்டால் கரும்பு டிராக்டரில்தான் ஏற வேண்டும். அதில் ஏறிப்போன நாட்களும் உண்டு. கரும்புச் சோகை கிழித்த முழங்கையோடு டைப்ரைட்டர் முன்னால் உட்காருவாள்.

டைப்பிஸ்டாகத்தான் எடுத்தார்கள். ஆனால் பர்சனல் செக்‌ஷனில் வேறு ஆள் கிடையாது. விடுப்பு, பி.எஃப்., விபத்துக் கடிதம், கல்யாணத்துக்கு முன்பணம் என்று எல்லாம் அவள் மேஜைக்கே வந்தன. ஐந்தாறு வருஷத்தில் ஆலையின் அறுநூறு பேரையும் முகத்தைவிட ஃபைலால் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஓய்வு பெறுகிறவர்களை அந்தக் காலத்தில் ஆலை அனுப்பிய விதம் எளிமையானது. ஐம்பத்தெட்டு முடிகிற மாதக் கடைசியில் ஒரு மாலை, ஒரு சில்வர் குடம், கேன்டீனில் ஒரு கேசரி. அவ்வளவுதான். அடுத்த நாள் அந்த ஆள் யாரென்று கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்கே தெரியாது.

கண்ணையனையும் அப்படித்தான் 1998-இல் அனுப்பினார்கள். பாய்லர் வீட்டில் சீசன் தொழிலாளி. ஆலை ஓடுகிற ஆறேழு மாதம் வேலை, மீதி நாள் வீட்டில். குடத்தை வாங்கிக்கொண்டு போன மனிதர் பதினொரு மாதத்தில் இறந்துபோனார். மனைவி சின்னபொண்ணு, புருஷன் இங்கே வேலை செய்ததற்கு ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும் என்று வந்தாள். ரேஷன் கார்டு விஷயமாக யாரோ கேட்டார்களாம்.

அக்னஸ் ஃபைலை எடுத்துப் பார்த்தாள். பதினேழு வருஷம் பி.எஃப். பிடித்திருக்கிறது. பென்ஷன் கேட்கும் விண்ணப்பம் மட்டும் இல்லை.

"அவரு பென்ஷனுக்கு ஏன் எழுதிப் போடல?" என்று கேட்டாள்.

"எங்களுக்கு எங்கம்மா பென்ஷன்? வருஷம் பூரா வேலைன்னா குடுப்பாங்க. அரை வருஷ வேலைக்கு இல்லன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

அது தப்பு. சீசன் தொழிலாளி ஒரு வருஷத்தில் சில மாதமே வேலை செய்திருந்தாலும் பென்ஷன் கணக்கில் அது முழு வருஷம். பத்து வருஷம் இருந்தால் போதும். அக்னஸுக்கு அது தெரியும். சட்டப் புத்தகம் அவள் அலமாரியிலேயே இருந்தது. கண்ணையனுக்குத் தெரியாது, அவரிடம் யாரும் சொல்லவில்லை. கடைசி நாளில் கேசரித் தட்டை அவர் கையில் கொடுத்தவளே அக்னஸ்தான்.

சின்னபொண்ணுவுக்குக் குடும்ப பென்ஷன் வாங்கித் தர ஒன்றேமுக்கால் வருஷம் ஆனது. வந்த பிறகு அவள் ஒரு மூட்டை மல்லாட்டையை, நிலக்கடலையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆலைக்கே வந்தாள். அக்னஸால் அதை வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு நோட்டுப் போட்டாள். அடுத்த ஒரு வருஷத்தில் யார் யாருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது என்று ஜனவரியில் பட்டியல் எடுப்பாள். ஒவ்வொருவரையும் மனைவியோடு கூப்பிட்டு உட்காரவைப்பாள். பி.எஃப். புத்தகத்தில் இருக்கிற பெயரும் பேங்க் பாஸ்புக்கில் இருக்கிற பெயரும் ஒன்றா, கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொடுத்த வாரிசு நியமனத்தைக் கல்யாணத்துக்குப் பின் மாற்றினாரா, நடுவில் வேறு கம்பெனிக்குப் போய் அங்கே பணத்தை எடுத்துத் தொலைத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒன்று இடித்தது. ஒரு வருஷம் கையில் இருந்ததால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தது. ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் பென்ஷன் பேங்கில் விழ ஆரம்பித்தது. ஆலையில் அவள் பெயர் மெல்ல மாறி 'பென்ஷன் மேடம்' ஆனது.

2007-இல் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆலையின் பழைய ஆட்கள் ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு மேல் ஓய்வு பெறப்போகிறார்கள். அவர்களோடு வேலை நுணுக்கமும் போய்விடக் கூடாது. ஆகவே கடைசி ஆறு மாதத்தில் படிப்படியாக வேலையைக் குறைத்து, அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்ததை எழுதி வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு ஒப்படைப்புப் புத்தகம்.

வேலை நாளைக் குறைத்தால் சம்பளத்தையும் குறைக்கலாமே என்று அக்கவுண்ட்ஸில் ஒரு யோசனை எழுந்தது. அக்னஸ் நேராக ஜெனரல் மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், கடைசிப் பன்னெண்டு மாசச் சம்பளத்தோட சராசரியை வெச்சுத்தான் பென்ஷன் போடறாங்க. இப்பப் போயி சம்பளத்துல கை வெச்சா, அதுக்கு விளக்கம் எழுதி எழுதியே ஆயுசு பூரா அவங்க அலையணும். வேலையக் குறைங்க, சம்பளத்தக் குறைக்காதீங்க."

ஒத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டை நடத்துகிற பொறுப்பும் பர்சனல் ஆபீசர் என்ற பதவியும் அவளுக்கே வந்தன. முப்பத்தொன்பது வயது. கணவர் லூர்து பிரகாஷ் அன்று திண்டிவனத்தில் அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணையனுக்குச் செய்யாததை இனி எல்லோருக்கும் செய்யலாம் என்று நினைத்தாள்.

தொம்மையின் முறை 2008 அக்டோபரில் வந்தது.

தொம்மை கரும்பு இலாகாவில் பீல்டுமேன். பனமலை ஏரிக்குக் கீழே இருக்கிற ஊர்களும் அதைச் சுற்றி இன்னும் இருபது ஊர்களும் அவர் கையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தன. எந்த வயலில் எந்த மாதம் கரும்பு நட்டார்கள், எது முற்றியது, எதற்கு முதலில் வெட்டு உத்தரவு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். பாக்கெட்டில் எப்போதும் ஒரு சின்ன நோட்டும் ரப்பர் பேண்டும் இருக்கும். அந்த நோட்டு அவருக்கு மட்டும்தான் புரியும்.

பென்ஷன் வேலைதான் முதலில். அவருடைய பி.எஃப். புத்தகத்தில் 'டி. தாமஸ்' என்று இருந்தது. பேங்கிலும் வாக்காளர் அட்டையிலும் தொம்மை.

"யாருண்ணா இந்த தாமஸ்?" என்றாள் அக்னஸ்.

"எழுபத்தாறுல இருந்த கிளார்க் அய்யா எழுதினதுங்க. தொம்மைன்னா இங்கிலீஷ்ல தாமஸ்தானேன்னு அவரே மாத்திட்டாரு. நான் என்னாத்த சொல்றது, வேல குடுத்தா போதும்னு இருந்தேன்."

"முப்பத்திரண்டு வருஷமா உங்க பணம் தாமஸ் பேருல போயிக்கினு இருக்குது. இப்பப் பாக்கலன்னா பென்ஷன் வந்து பேங்க் வாசல்லயே நின்னுடும்."

ஆலையும் தொம்மையும் கையெழுத்துப் போட்ட கூட்டு உறுதிமொழி, பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை நகல் என்று அனுப்பினாள். பி.எஃப். ஆபீஸில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அனுப்பினாள். தொம்மையின் மனைவி லூர்துசெல்வியைக் கூட்டிவரச் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற போட்டோ எடுக்க விழுப்புரம் ஸ்டூடியோவுக்குத் தானே உடன் போனாள். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து எடுக்கிற முதல் போட்டோ என்று லூர்துசெல்வி சிரித்தாள். ஜனவரியில் பெயர் திருத்தி வந்துவிட்டது. கணக்குப் போட்டு, மாதம் ஆயிரத்து எழுநூறு சொச்சம் வரும் என்று அக்னஸ் சொன்னபோது தொம்மை கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

நவம்பர் முதலே வயல் வேலை நாட்கள் குறைந்திருந்தன. முதலில் வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், நான்கு நாள் வயல். ஜனவரியிலிருந்து மூன்றுக்கு மூன்று. வயலுக்குப் போகிற நாட்களில் அவருடைய இடத்துக்கு எடுத்திருந்த அறிவுச்செல்வன் பைக்கில் உடன் போனான். விவசாய டிப்ளமா முடித்தவன், இருபத்தாறு வயது. ஆபீஸ் நாட்களில் தொம்மை அக்னஸ் எதிரில் உட்கார்ந்து சொல்வார், அவள் எழுதுவாள்.

முதல் இரண்டு வாரம் அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. "எல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்குதுங்க" என்பார். அக்னஸ் கேட்கிற விதத்தை மாற்றினாள். போன சீசனில் ஒரு நாளை எடுத்துக்கொண்டு, காலையில் முதலில் எந்த ஊருக்குப் போனீர்கள், ஏன் அந்த ஊர், வழியில் யார் நிறுத்தினார்கள் என்று கேட்டாள். அப்போது ஒவ்வொன்றாக வந்தது. எந்த வண்டிப்பாதை ஐப்பசி மழையில் மூழ்கும், அதனால் எந்த வயலைக் கார்த்திகைக்குப் பிறகு வைக்க வேண்டும், எந்த ஊரில் அண்ணன் தம்பிக்குப் பேச்சு இல்லாததால் இருவருக்கும் ஒரே நாளில் உத்தரவு கொடுக்கக் கூடாது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, எந்த வெட்டுக் கூலி மேஸ்திரி நாள் தவறுவான். அக்னஸின் கை வலித்தது. நாற்பது பக்கம் ஆனது. இதுவரை எழுதிய ஒப்படைப்புப் புத்தகங்களில் இதுபோல ஒன்று வந்ததில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் ஒன்றைக் கவனித்தாள். ஏரிக்குக் கீழே பதினான்கு பேர் பெயரில் கரும்பு பதிவாகி இருந்தது. பதினான்கு பேருக்கும் நில உரிமைக்கான சிட்டா நகல் இல்லை. அந்த இடத்தில் தொம்மையின் கையெழுத்து மட்டும்.

"இது என்னாண்ணா?"

தொம்மை நோட்டின் ரப்பர் பேண்டை எடுத்து விரலில் சுற்றினார்.

"அவங்களுக்கு நெலம் கெடையாதுங்க. காலனி ஜனம். பாண்டிலயும் மெட்ராஸ்லயும் இருக்கிறவங்க நெலத்த வாய்வார்த்தையா குத்தகைக்கு எடுத்துப் பயிர் வெக்கிறாங்க. நெலத்துக்காரரு பேருல பதிஞ்சா பணம் அவரு கணக்குக்குப் போயிடும். அவரு மனசு வெச்சாதான் இவங்களுக்கு. அதனால பயிர் வெச்சிருக்கிறது இவங்கதான்னு நான் நேருல பாத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுடுவேன். பழைய கரும்பு ஆபீசரு அதுக்கு ஒத்துக்கினாரு. அவரு போயி பதினஞ்சு வருஷம் ஆவுது. அப்புறம் யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"நெலத்துக்காரங்களுக்குத் தெரியுமா?"

"குத்தகை போயிச் சேந்துடுதுங்க. அதுக்கு மேல அவங்க கேக்கறதில்ல."

பிறகு அவரே சொன்னார்: "இத எழுத வேணாங்க மேடம்."

அக்னஸ் பேனாவைக் கீழே வைத்தாள். இந்த இடத்தைத்தான் பிற்பாடு அவள் பல தடவை நினைத்துப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாயிற்று; அப்படியே விட்டிருக்கலாம்.

"எழுதலன்னா இன்னும் ஒரு மாசத்துல நீங்க போயிடுவீங்க" என்றாள். "அறிவுச்செல்வன் அடுத்த பதிவுக்குப் போவான். சிட்டா எங்கன்னு கேப்பான். இல்லன்னு சொன்னா அடிச்சுட்டுப் போயிக்கினே இருப்பான். எழுதி வெச்சாதான் அந்தப் பதினாலு பேருக்கும் பாதுகாப்பு. ஏன் இப்பிடி இருக்குதுன்னு அவனுக்குப் புரியணும் இல்ல?"

"அவன்கிட்ட நான் வாயால சொல்லிடறேன்."

"நாளைக்கு அவன மாத்திட்டு வேற ஆளப் போட்டா?"

"இத யாரு படிப்பாங்க?" என்று கேட்டார்.

"உங்க இடத்துக்கு வர்றவங்க மட்டும்தான்."

தொம்மை அவளையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பெயர், நிலத்துக்காரர் பெயர், எத்தனை ஏக்கர், எத்தனை வருஷமாக. கெங்கம்மாள், ஒன்றரை ஏக்கர், பதினொரு வருஷம், புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அப்படிப் பதினான்கு. அக்னஸ் அழகாகக் கோடு போட்டுப் பட்டியலாக எழுதினாள். அது புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கம்.

பென்ஷன் பெயரைத் திருத்திக் கொடுத்தவள் கேட்டாள் என்பதற்காகத்தான் அவர் சொன்னார். இதுவும் அவளுக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி தொம்மை ஓய்வு பெற்றார். இந்தத் தடவை கேசரியோடு பென்ஷன் விண்ணப்பமும் அனுப்பப்பட்டிருந்தது. கூட்டத்தில் பேசச் சொன்னபோது, "எல்லாத்தையும் மேடம்கிட்ட குடுத்துட்டேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். கை தட்டினார்கள்.

ஏப்ரலில் தலைமை அலுவலகம் முடிந்த புத்தகங்களில் ஒரு மாதிரி கேட்டது. எதை அனுப்புவது என்பதில் அக்னஸுக்கு யோசனையே இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து தொம்மையின் புத்தகத்தை கம்ப்யூட்டரில் அடித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தை அடிக்கும்போது, தொம்மைக்குச் சொன்ன வார்த்தை நினைவுக்கு வராமல் இல்லை. தலைமை அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு பனமலை ஏரிக்குக் கீழே யார் பயிர் வைத்தால் என்ன என்று நினைத்தாள். பட்டியல் வேறு நன்றாக வந்திருந்தது. எடுத்துவிட்டால் பக்க எண் மாறும், புத்தகம் குறைபட்டுப் போகும் என்றும் தோன்றியது. முழுதாக அனுப்பினாள்.

மே மாதம் பாராட்டுக் கடிதம் வந்தது. மற்ற ஆலைகளுக்கும் இதையே மாதிரியாக வைக்கப்போவதாக எழுதியிருந்தார்கள். அதை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரகாஷிடம் காட்டினாள்.

ஜூலையில் கரும்பு இலாகா அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வரும் பருவத்திலிருந்து பட்டாதாரர் பெயரில் மட்டுமே கரும்பு பதிவு செய்யப்படும். கள ஊழியர் சான்று ஏற்கப்படாது. கீழே, கரும்பு மேனேஜர் கோதண்டபாணியின் கையெழுத்து.

அக்னஸ் அதை மதியம் கேன்டீனுக்குப் போகும்போது படித்தாள். சாப்பிடாமல் நேரே கோதண்டபாணியின் அறைக்குப் போனாள்.

"ஹெட் ஆபீஸ்ல உங்க புத்தகத்தப் படிச்சுதான் தெரிஞ்சுது அக்னஸ்" என்றார் அவர். கோபமாக அல்ல, மெச்சுகிற குரலில். "பதினஞ்சு வருஷமா ஓட்டை இருந்திருக்கு, ஆடிட்ல கூட யாரும் பாக்கல. நாளைக்கு நிலத்துக்காரன் கேஸ் போட்டா ஆலைதான் பதில் சொல்லணும்."

"சார், அத அடைக்கிறதுக்காக எழுதல. அந்த ஜனங்களக் காப்பாத்தறதுக்கு எழுதினது."

"நீங்க எதுக்கு எழுதினீங்கன்னு அதுல இல்லையே."

உண்மைதான். புத்தகத்தில் பெயரும் ஏக்கரும் இருந்தன. ஏன் என்பது அவள் மனதில் மட்டும் இருந்தது. நெடுநேரம் வாதாடிய பிறகு அவர் ஒரு வழி விட்டார். நிலத்துக்காரர், இன்னார் என் நிலத்தில் பயிர் வைக்கிறார், பணத்தை அவருக்கே கொடுக்கலாம் என்று பத்திரத்தாளில் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஆகஸ்ட் கடைசி வரை நேரம்.

அதற்குள் தொம்மைக்குச் செய்தி போயிருந்தது. மறுநாள் காலையில் ஆலை கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. அக்னஸ்தான் போனாள்.

"வர்றவங்க மட்டும்தான் படிப்பாங்கன்னு சொன்னீங்க" என்றார்.

"சொன்னேண்ணா."

"நான் வேணாம்னு சொன்னேங்க."

"சொன்னீங்க."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கோதண்டபாணி சொன்ன வழியை அவள் சொன்னபோது, டீ கிளாஸை வைத்துவிட்டு, "எழுதித் தர மாட்டாங்க. சரி, போயிப் பாப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனார்கள். காலைப் பூசை முடிந்து அக்னஸ் திண்டிவனத்திலிருந்து வருவாள். தொம்மை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பார். பாண்டிச்சேரியில் நான்கு வீடு, விழுப்புரத்தில் மூன்று, மயிலத்தில் ஒன்று, ஓமந்தூர்ப் பக்கம் ஒன்று, சென்னையில் தாம்பரம் பக்கம் இரண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வயல்களும் இருந்தன. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். காபி கொடுத்தார்கள். தாளை நீட்டியதும் முகம் மாறியது.

"வாயால கேக்கறாங்க, பயிர் வெச்சுக்கோன்னேன்" என்றார் பாண்டிச்சேரியில் ஒருவர். "எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு அவங்க குத்தகைதாரர்னு கோர்ட்டுக்குப் போனா, நான் என் நெலத்துக்கு அலையணுமா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

தாம்பரத்தில் ஒருவர் இன்னும் மோசமான ஒன்றைக் கேட்டார்: "அப்படின்னா இத்தன வருஷமா ஆலைப் பணம் நேரா அவங்களுக்கா போயிக்கினு இருந்துச்சு? ஏக்கருக்கு எவ்வளவு வருது?" அவர் கேட்ட விதத்திலேயே, அந்த வயல் போய்விட்டது என்று அக்னஸுக்குத் தெரிந்தது. வரும் வழியில் இரயிலில் தொம்மை சொன்னார்: "நாம வராமயே இருந்திருக்கலாம்."

ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து தாள் கிடைத்தது. ஓமந்தூர்ப் பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற வாத்தியாரம்மா, வெள்ளையம்மாள், தன் மூன்று வயலுக்கும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். மயிலத்துக்காரர் ஒன்று. விழுப்புரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் ஒன்று. பதினான்கில் ஒன்பது போயிற்று.

கெங்கம்மாள் அந்த ஒன்பதில் இருந்தாள். அந்தப் பருவத்துக் கரும்புக்கு ஆலை நிலத்துக்காரர் கணக்கில் பணம் போட்டது. அவர் விதைக் கரணைக்கும் உரத்துக்கும் அவள் செலவழித்ததில் பாதியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் சவுக்கு நடப்போவதாகச் சொல்லிவிட்டார். அக்னஸ் அவளைப் பார்க்கப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. கெங்கம்மாள் வீட்டு வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்; மேஸ்திரி ஒருவனோடு சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகிறாளாம். பெண் பிள்ளைகள் இரண்டும் அவள் அக்காள் வீட்டில் தங்குமாம்.

அக்னஸ் தான் யார் என்று சொன்னாள். புத்தகம் எழுதியது தான்தான் என்றும் சொன்னாள்.

கெங்கம்மாள் புரியாமல் பார்த்தாள். "எதுக்குமா எழுதினீங்க?" என்றாள். குற்றம் சொல்கிற தொனியே இல்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"தொம்மை அண்ணா ரிட்டயராகிப் போனதுக்கப்புறம் உங்களுக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னு."

"ஓ" என்றாள் கெங்கம்மாள். பிறகு சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும்படி கேட்டாள். அக்னஸ் பிடித்துக்கொண்டாள், அவள் கட்டினாள்.

அக்னஸ் வேலையை விடவில்லை. விடலாமா என்று யோசித்தாள். ஆனால் ஜனவரிப் பட்டியலில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள், அவர்களில் எட்டுப் பேருக்குப் பெயரோ பிறந்த தேதியோ இடித்தது. ஒப்படைப்புப் புத்தகங்களையும் எழுதினாள், ஆனால் வேறு மாதிரி. முடிந்ததும் சொன்னவருக்கே முழுதும் படித்துக்காட்டுவாள். இது யார் யார் கைக்குப் போகலாம் என்று, தனக்குத் தெரிந்தவரை, சொல்லிவிடுவாள். எது இருக்கலாம், எதை அடிக்க வேண்டும் என்று அவரையே கேட்டு, அடிக்கச் சொன்னதை அவர் முன்னாலேயே கிழித்துக் கையில் கொடுப்பாள். அவள் புத்தகங்கள் மெலிந்துவிட்டன என்று தலைமை அலுவலகம் ஒரு தடவை குறைப்பட்டு எழுதியது. தொம்மையின் புத்தகத்தைப் போல வேண்டும் என்றார்கள். அந்தக் கடிதத்துக்கு அவள் பதில் போடவில்லை.

தொம்மைக்குப் பென்ஷன் ஜூனிலேயே வர ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருப்பதாகப் பேங்கில் சான்று கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற மற்றவர்கள் அந்தத் தாளைப் பூர்த்தி செய்ய அக்னஸிடம் வருவார்கள். டீ குடித்துப் பழைய கதை பேசிவிட்டுப் போவார்கள். தொம்மை வரவில்லை. பேங்கிலேயே யாரையோ வைத்து எழுதிக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டாள். விழுப்புரம் மார்க்கெட்டில் ஒரு தடவை பார்த்தபோது நின்று பேசினார். பிள்ளைகள் எப்படி, வீட்டுக்காரர் எப்படி என்று கேட்டார். ஆலையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

2014 செப்டம்பரில் அவர் இறந்தார். மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாலாம் நாள். அடக்கத்துக்கு அக்னஸ் போனாள். கூட்டத்தில் பின்னால் நின்றாள். முன்வரிசையில் ஏரிக்குக் கீழேயிருந்து வந்தவர்கள் நின்றிருந்தார்கள்.

முப்பதாம் நாள் கழித்து லூர்துசெல்வியின் வீட்டுக்குப் பென்ஷன் தாள்களோடு போனாள். குடும்ப பென்ஷன் பாதிதான் வரும், ஆனால் செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சம் ஆயிரம் என்று ஆகியிருக்கிறது என்று விளக்கினாள். எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தாள். இறப்புச் சான்று, பாஸ்புக், போட்டோ எல்லாம் லூர்துசெல்வி ஒரு பிளாஸ்டிக் பையில் ஒழுங்காக வைத்திருந்தாள்.

"எதையும் தேட வெக்கல" என்றாள் லூர்துசெல்வி. "அவரே எல்லாத்தையும் எடுத்து வெச்சிருந்தாரு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே."

அக்னஸ் தாள்களை வரிசைப்படுத்தினாள். கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டாள்.

"அண்ணா என்னப் பத்தி ஏதாவது சொல்லுவாரா?"

லூர்துசெல்வி பொய் சொல்லத் தெரியாதவள். "சொல்ல மாட்டாருங்க" என்றாள். "பென்ஷன் வர்ற அன்னிக்கு உங்க பேரு நாந்தான் எடுப்பேன். நல்ல பொம்பளன்னு சொல்லுவேன். அவரு ஆமான்னும் சொல்ல மாட்டாரு, இல்லன்னும் சொல்ல மாட்டாரு. எழுந்து வெளிய போயிடுவாரு."

"சரிங்க" என்றாள் அக்னஸ்.

தாள்களைப் பைக்குள் வைத்து, இரண்டு மாதத்தில் பணம் வரவில்லையென்றால் போன் செய்யும்படி தன் எண்ணை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். லூர்துசெல்வி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகினாள். மழை வருகிற மாதிரி இருந்தது. விழுப்புரம் பஸ் ஐந்து நாற்பதுக்கு என்று சொன்னாள். அக்னஸ் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.